பஸ் வரும்வரை படிப்பகம்: கல்லூரிப் பேரவைத் தேர்தலுக்கு ஒரு முழக்கத்தை உருவாக்கும் முறை

கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தலில் முதல்முறையாக நிற்பவர்கள் பெரும்பாலும் முழக்கத்தைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வேட்புமனு கொடுத்த அன்று மாலை நாலு நண்பர்கள் கேன்டீனில் உட்கார்ந்து, "மாற்றம்", "விடியல்", "உங்கள் குரல்" என்று ஆளுக்கொரு சொல்லை எடுத்துப் போடுவார்கள். மறுநாள் காலை சார்ட் எழுத வேண்டும் என்பதால் ஏதோ ஒன்று முடிவாகிவிடும். வாரக் கடைசியில் அது யாருக்கும் நினைவில் இருக்காது. கீழே உள்ள முறைக்கு மனு கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நாட்கள் போதும். ஒரு பதவிக்கு ஒரு முழக்கத்தைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதை, ஓர் உதாரணத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை கொண்டுபோய்ப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஓர் அரசு கலைக் கல்லூரியை வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மாணவர்கள் சுற்று ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள், சிலர் விடுதியில் இருப்பவர்கள். பேரவைச் செயலாளர் பதவிக்கு நிற்கும் மாணவியின் பெயர் பவித்ரா என்று கொள்வோம்.

முதலில் விதி

முழக்கத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் தேர்தல் விதியைக் கையில் எடுங்கள். முழக்கத்தின் நீளத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. மாணவர் தேர்தல்களுக்காக லிங்டோ குழு கொடுத்த பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. அதன்படி ஒரு வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 5,000 ரூபாய். அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதை மட்டும், அதுவும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டும் ஒட்டலாம். பிரசாரத்துக்கு ஒலிபெருக்கி கிடையாது. மனு தாக்கல் தொடங்கி முடிவு அறிவிக்கும்வரை எல்லாம் பத்து நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும். உங்கள் கல்லூரி இதற்கு மேலும் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கலாம். தேர்தல் பொறுப்புப் பேராசிரியரிடம் எழுத்து வடிவிலான அறிவிப்பைக் கேட்டு வாங்கி, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிகளின் பொருள் என்னவென்றால், உங்கள் முழக்கத்தை ஒருவர் கையால் சார்ட்டில் எழுதப்போகிறார், இன்னொருவர் மைக் இல்லாமல் தாழ்வாரத்தில் சொல்லப்போகிறார், கேட்பவருக்கு அதை நினைவில் வைக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. ஆகவே சொல் குறைவாக இருக்க வேண்டும். ஒரே மூச்சில், நடந்துகொண்டே சொல்ல முடிய வேண்டும். மூன்று முதல் ஐந்து சொற்கள், மெய்யெழுத்தையும் சேர்த்து இருபது எழுத்துக்குள் என்பது நல்ல அளவு.

அதே விதிகளில் இன்னொரு பகுதியும் முழக்கத்தைத் தொடுகிறது. எதிர் வேட்பாளரை விமர்சிப்பதென்றால் அவருடைய கொள்கை, திட்டம், முந்தைய செயல்பாடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தனிப்பட்ட வாழ்க்கையைத் தொடக்கூடாது. சாதி, மத உணர்வைத் தூண்டி வாக்குக் கேட்கக்கூடாது. ஊர்ப் பெயரையோ சமூக அடையாளத்தையோ மறைமுகமாகச் சுட்டும் அடைமொழியை நண்பர்கள் ஆர்வத்தில் சேர்த்துவிடுவார்கள். அதை எழுதும் முன்பே நிறுத்திவிடுங்கள். புகார் வந்தால் மாட்டிக்கொள்வது எழுதியவர் அல்ல, வேட்பாளர்.

முப்பது பேரிடம் ஒரே கேள்வி

முழக்கத்துக்கான கச்சாப்பொருள் உங்கள் மனதில் இல்லை, மற்ற மாணவர்களின் வாயில் இருக்கிறது. முதல் இரண்டு நாட்களில் முப்பது பேரிடம் பேசுங்கள். உங்கள் துறை நண்பர்கள் முப்பது பேர் என்றால் பயனில்லை. எல்லா ஆண்டிலிருந்தும், குறைந்தது ஐந்து துறைகளிலிருந்தும், பஸ்ஸில் வருபவர்கள், விடுதியில் இருப்பவர்கள் என்று கலந்து இருக்க வேண்டும். "கல்லூரிக்கு என்ன தேவை?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் "நல்ல வசதி வேணும்" என்பார்கள். அதற்குப் பதில், "இந்த வாரம் காலேஜ்ல எந்த நேரம் உங்களுக்கு வீணாப் போச்சு?" என்று கேளுங்கள். நேரத்தைப் பற்றிக் கேட்டால் இடமும் மணியும் சேர்ந்து பதிலில் வந்துவிடும். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள், உங்கள் மொழிக்கு மாற்றாதீர்கள்.

நம் உதாரணத்தில் பவித்ராவின் நோட்டில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன என்று வைத்துக்கொள்வோம். குடிநீர்த் தொட்டி பதினோரு பேர் வாயில் வந்தது. "நாலு மணிக்கு லைப்ரரியை மூடிடுறாங்க, பஸ் அஞ்சரைக்குத்தான், மரத்தடியில உக்காந்திருக்கோம்" என்கிற மாதிரி ஒன்பது பேர் சொன்னார்கள். விளையாட்டு அறை பூட்டியே கிடப்பதை ஐந்து பேர் சொன்னார்கள். மீதிப் பேர் தனித்தனியாக வேறு குறைகள் சொன்னார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் குடிநீரைத்தான் எடுக்கத் தோன்றும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முழக்கத்துக்கு ஏற்ற வாக்குறுதி இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, அந்தப் பதவியில் இருப்பவரால் அதைச் செய்ய முடியுமா என்பது. தொட்டி கட்டுவதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டும், அரசுக் கல்லூரியில் அது மாணவர் செயலாளர் கையில் இல்லை. மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது, மற்ற வேட்பாளர்களும் இதையே சொல்லப்போகிறார்களா என்பது. எல்லோருக்கும் தெரிந்த பெரிய குறை என்பதால் தண்ணீரை மூன்று பேர் எடுப்பார்கள், மூன்று சார்ட்டும் ஒரே சுவரில் ஒன்றுபோல இருக்கும். தண்ணீரைக் கைவிடச் சொல்லவில்லை. வகுப்பறையில் பேசும்போது அதைப் பற்றிப் பேசுங்கள். முழக்கத்தில் வைக்காதீர்கள்.

நூலகம் இரண்டு சோதனையிலும் தேறுகிறது. ஆனால் எழுதும் முன் நூலகரைப் பார்த்தே ஆக வேண்டும். "சார், வாசிப்பறையை மட்டும் அஞ்சரை வரைக்கும் திறந்து வைக்க முடியுமா, அதுக்கு என்ன தேவைப்படும்?" என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு பொருளுக்குப் போய்விடலாம், இன்னும் நாள் இருக்கிறது. "வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்க ரெண்டு மாணவர் தினமும் இருந்தா, முதல்வர் அனுமதி கொடுத்தா, வாசிப்பறையைத் திறந்து வைக்கலாம், புத்தகம் வெளிய கொடுக்க முடியாது" என்று அவர் சொன்னால், உங்கள் வாக்குறுதியின் எல்லை தெரிந்துவிட்டது. நூலகம் முழுவதும் அல்ல, வாசிப்பறை. ஐந்தரை மணி வரை. மாணவர்கள் முறைவைத்து அமர வேண்டும். எதிரில் இருப்பவர் "எப்படிச் செய்வீங்க?" என்று கேட்கும்போது ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல இது போதும்.

எல்லையை முழக்கத்துக்குள்ளேயே வைத்த புகழ்பெற்ற உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1967 தேர்தலில் தி.மு.க. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அரிசியைப் பற்றிச் சொன்னது. எது ஆசை, எது உறுதி என்று ஒரே வரியில் பிரித்துக் காட்டியது அது. "லட்சியம்", "நிச்சயம்" என்று முடிவோசை ஒன்றாக இருப்பதால் அந்தப் பிரிப்பே நினைவில் நிற்கிறது.

குறையை வரவாக மாற்றுவது

மாணவர்கள் சொன்னது குறை. அதை அப்படியே முழக்கமாக்கினால் "இனி மரத்தடிக் காத்திருப்பு இல்லை" என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து சொன்னால் மறுமுனையில் இருப்பவர் காதில் "மரத்தடிக் காத்திருப்பு" விழும், "இல்லை" இரைச்சலில் கரைந்துவிடும். கூட்டமாகச் சொன்னால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஒருவர் முன்பகுதியைச் சொல்ல, மற்றவர்கள் கடைசிச் சொல்லைத்தான் சேர்ந்து கத்துவார்கள். உங்கள் ஆதரவாளர்கள் ஐம்பது பேர் வளாகத்தில் "இல்லை! இல்லை!" என்று கத்திக்கொண்டு போவார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது போராட்டமாகத் தெரியும்.

நேர்மறையாக எழுதுவது என்றால் இனிமையான சொற்களைத் தேடிப் போடுவது என்று நினைக்க வேண்டாம். வெற்றி பெற்ற பிறகு மாணவர் கண்ணால் பார்க்கப்போகும் பொருளை, வரியின் கடைசியில் வைப்பதுதான் அது. இங்கே கண்ணால் பார்க்கப்போவது திறந்திருக்கும் வாசிப்பறை. ஆகவே அந்தச் சொல் கடைசியில் வர வேண்டும்.

முதல் வரைவாக ஐந்தாறு வரிகள் எழுதுங்கள். பவித்ராவின் தாளில் இப்படி இருக்கலாம்:

நூலக நேரத்தை நீட்டிக்க ஆவன செய்வேன்.
உங்கள் நேரம் உங்கள் உரிமை.
அறிவே ஆயுதம், நூலகமே நம் கோட்டை.
எங்களுக்கு வாக்களியுங்கள், நூலகம் திறக்கும்.
பஸ் வரும்வரை படிப்பகம் திறந்திருக்கும்.

முதல் வரி அலுவலகக் கடிதம். "ஆவன செய்வேன்" என்று மாணவர் யாரும் பேசுவதில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் கேட்கக் கம்பீரமாக இருந்தாலும், எதிர் வேட்பாளரின் பெயரை அதன் கீழே எழுதிப் பாருங்கள், அவருக்கும் அப்படியே பொருந்துகிறது. யாருக்கும் பொருந்துகிற வரி யாருக்கும் உதவாது. "மாற்றம்", "விடியல்", "புதிய பாதை" எல்லாம் இந்தச் சோதனையில்தான் விழுகின்றன. கட்சி மேடைகளில் கேட்டுப் பழகிய சொல்லாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கட்சியின் ஆள் என்று உங்களை முத்திரை குத்திவிடுவார்கள், பாதிப் பேர் அந்தக் காரணத்துக்காகவே விலகிவிடுவார்கள். சினிமா வசனத்தை மாற்றி எழுதுவதும் இதே கதைதான். கேட்டவருக்குக் கதாநாயகனின் முகம் நினைவுக்கு வரும், வேட்பாளரின் முகம் வராது.

நான்காவது வரியில் ஒரு நுணுக்கமான தவறு இருக்கிறது. "எங்களுக்கு" என்ற சொல் கேட்பவரை வெளியே நிறுத்திவிடுகிறது. "நாங்கள்" என்றால் கேட்பவர் அதில் இல்லை, "நாம்" என்றால் இருக்கிறார். இந்த வித்தியாசத்தைத் தமிழ்க் காது சட்டென்று உணரும். வாக்குக் கேட்கும் வரியில் "எங்கள்", "எங்களுக்கு" வந்தால் உடனே அடித்துவிடுங்கள். "நம்", "நமக்கு" என்று மாற்றிப் பாருங்கள். அல்லது அந்தச் சொல்லே இல்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள், அது இன்னும் நல்லது.

ஐந்தாவது வரி மட்டும் மிஞ்சுகிறது. அதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அது மாணவர்கள் சொன்ன சொற்களுக்கு அருகிலும் இருக்கிறது.

காதுக்கு வேலை

ஒரு வரி நினைவில் நிற்பதற்குப் பழைய வழிகள் மூன்று: மோனை, எதுகை, இயைபு. யாப்பிலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. சொல்லின் முதல் எழுத்து ஒன்றுவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை, கடைசி ஒன்றுவது இயைபு என்று தெரிந்தால் போதும். தினமும் பஸ்ஸில் பார்க்கும் "படியில் பயணம் நொடியில் மரணம்" என்ற வாசகத்தை எடுத்துப் பாருங்கள். "படியில்", "நொடியில்" இரண்டிலும் இரண்டாம் எழுத்து "டி". "பயணம்", "மரணம்" இரண்டும் "ணம்" என்று முடிகின்றன. "படியில் பயணம்" என்பதில் முதலெழுத்தும் ஒன்று. நான்கே சொற்களில் மூன்று கட்டு. அதனால்தான் ஒருமுறை படித்தவர் மறப்பதில்லை. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்பது முக்கியமாக மோனையை வைத்து நிற்கும் வரி. வ-வா, தெ-தே என்று இரண்டு ஜோடி. அது குற்றச்சாட்டாக எழுதப்பட்டது, நமக்கு அதன் தொனி வேண்டாம். ஓசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

மூன்றில் மாணவர் தேர்தலுக்கு எளிதானது மோனைதான். இயைபைத் துரத்தினால் வரி பெரும்பாலும் "செய்வோம், வெல்வோம், உயர்வோம்" என்று போய் நின்றுவிடும். "வோம்" என்ற விகுதி எந்த வினைச்சொல்லுக்கும் ஒட்டிக்கொள்வதால், அந்த ஓசை ஒற்றுமைக்கு மதிப்பே இல்லை. பெயர்ச்சொற்களுக்குள் கிடைக்கும் ஒற்றுமைதான் காதைத் திருப்பும்.

நம் வரியில் "பஸ்", "படிப்பகம்" என்று மோனை தானாகவே அமைந்திருக்கிறது. மாணவர்கள் சொன்னது "லைப்ரரி". நூலகரின் சொல் "வாசிப்பறை". "படிப்பகம்" என்பது ஊர்களில் மன்றங்களின் பெயர்ப் பலகையில் பார்த்துப் பழகிய சொல். பொருளும் சரியாக இருக்கிறது, ஓசையும் பொருந்துகிறது. "பஸ்" என்பதற்குப் பதில் "பேருந்து" போடலாமா என்ற கேள்வி வரும், முக்கியமாகத் தமிழ்த் துறை நண்பர்களிடமிருந்து. அதுவும் "ப" வரிசைதான் என்பதால் ஓசை கெடாது. ஆனால் சார்ட்டில் கூடுதலாக எழுத்துகள் வரும், தாழ்வாரத்தில் சொல்லும்போது வேகம் குறையும். "பஸ் வந்திருச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பேச்சில் இருக்கும் சொல்லை வைப்பதே சரி.

இப்போது வேட்பாளரின் பெயர். பவித்ரா என்ற பெயரும் "ப"வில் தொடங்குவது அதிர்ஷ்டம். அதை வீணாக்கக்கூடாது. இரண்டாம் வரியாகப் "பேரவைக்குப் பவித்ரா" என்று வைக்கலாம். இலக்கணப்படி "ப"வுக்கும் "பே"வுக்கும் கறாரான மோனை இல்லை, உயிர் இனம் வேறு. கூட்டமாகச் சொல்லும்போது மெய்யோசை ஒன்றாக இருப்பதே போதுமானது.

எல்லோருக்கும் இப்படிப் பெயர் பொருந்தாது. பொருந்தவில்லை என்றால் பெயரை இழுத்துப் பிடித்து எதுகை போடாதீர்கள். வேலையே ஓசையைக் கொடுக்கட்டும். விளையாட்டுச் செயலாளர் பதவிக்கு நிற்பவர், அறை பூட்டியே கிடக்கிறது என்ற குறையை எடுத்துக்கொண்டால், அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பந்து வாங்கிப்போகும் முறையை முன்வைக்கலாம். முழக்கம்: "கார்டைக் கொடு, பந்தை எடு". கொடு, எடு என்பதில் எதுகையும் இயைபும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. என்ன நடக்கப்போகிறது என்ற செய்முறையும் அதிலேயே இருக்கிறது. "கொடுங்க, எடுங்க" என்று மரியாதை சேர்த்தால் இழுவையாகிவிடும். சார்ட்டில் ஒருமையில் இருப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நேரில் போய் வாக்குக் கேட்கும்போது மட்டும் "அண்ணா, அக்கா" என்று மரியாதையோடு பேசினால் போதும்.

மறுநாள் சோதனை

இதுதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத பத்துப் பேரிடம் பேச்சோடு பேச்சாக அந்த வரியை ஒரே ஒருமுறை சொல்லுங்கள். எழுதிக் காட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மறுநாள் அவர்களையே பார்த்து, "நேத்து நான் ஒண்ணு சொன்னேனே, என்ன அது?" என்று கேளுங்கள். ஆறு பேராவது ஏறக்குறைய சரியாகச் சொன்னால் வரி நிற்கும். மூன்று பேர்தான் என்றால் வேறு வரிக்குப் போங்கள். அந்த எண்ணிக்கையைவிட மதிப்பானது, அவர்கள் எப்படி மாற்றிச் சொல்கிறார்கள் என்பது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"பஸ் வரும்வரை படிப்பகம் திறந்திருக்கும்" என்று கேட்டவர்களில் பலர் மறுநாள் "திறந்திருக்கும்" என்பதை விட்டுவிடுவார்கள். "பஸ் வரும்வரை படிப்பகம்" என்று மட்டும் சொல்வார்கள். வினைச்சொல் இல்லாமலே பொருள் புரிகிறது, கடைசியில் நாம் விரும்பிய சொல்லே நிற்கிறது. வெட்ட வேண்டிய இடத்தை அவர்கள் நினைவே காட்டிக்கொடுத்துவிட்டது. இப்போது வரி மூன்று சொல், பதின்மூன்று எழுத்து. பஸ் என்ற முதல் தட்டுக்குப் பின் வரும் - வரை - படிப் - பகம் என்று நான்கு சம அடிகள் விழுகின்றன. கைதட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், வாய் தானாக அதே தாளத்தில் போகும். தாளம் எங்காவது இடறினால், எழுத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூட்டம் அதைச் சேர்ந்து சொல்லாது.

இரண்டு பேர் "படிப்பகம்னா லைப்ரரியா?" என்று கேட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் இரண்டு பேர் என்றால் சொல்லை மாற்ற வேண்டாம், கீழே சிறிய எழுத்தில் விளக்கம் போட்டால் சரியாகிவிடும். ஐந்து பேர் கேட்டால் சொல்லை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்து, உங்கள் வட்டத்தில் வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவரைத் தேடிப்பிடித்து, "இதைக் கிண்டல் பண்ணு" என்று சொல்லுங்கள். எதிரணி மூன்றாம் நாள் செய்யப்போவதை இவர் முன்கூட்டியே செய்து காட்டுவார். "பஸ்ஸே வராது, படிப்பகம் எங்க வரும்?" என்று ஒன்று வரும். அதற்குப் பதில் இருக்கிறது: பஸ் தாமதமானால் படிப்பகம் இன்னும் அதிகம் தேவைப்படும். பதில் சொல்ல முடிகிற கிண்டல் நல்லது, அது முழக்கத்தைத்தான் பரப்பும். ஆனால் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் ஆபாசமாகவோ வேட்பாளரின் உருவத்தைக் கேலி செய்வதாகவோ மாறுகிற வரி என்றால் தயங்காமல் கைவிடுங்கள். அதற்குப் பதிலே கிடையாது.

கிண்டலைவிடக் கவலைப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "கடைசி பஸ் ஏழு மணிக்கு, அதுவரைக்கும் திறந்திருக்குமா?" என்று ஒருவர் கேட்பார். இல்லை, நூலகர் ஒப்புக்கொண்டது ஐந்தரை வரைதான். முழக்கம் அனுமதியைவிட அகலமாக இருக்கிறது. இதை மறைத்தால் வென்ற முதல் மாதமே பொய்யர் என்ற பெயர் வந்துவிடும். சார்ட்டில் முழக்கத்துக்குக் கீழே "நூலக வாசிப்பறை, மாலை 5.30 வரை" என்று தெளிவாகப் போட வேண்டும். இதே வரி "படிப்பகம்னா லைப்ரரியா?" என்ற கேள்விக்கும் பதில்.

விடுதி மாணவர்களுக்குப் "பஸ் வரும்வரை" என்பது தங்களைப் பற்றியதாகத் தோன்றாது. அவர்கள் மொத்தத்தில் கால் பங்குக்குள் இருந்தால் முழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. விடுதிக்குப் போகும்போது "மாலையில் அந்த அறை உங்களுக்கும் திறந்திருக்கும்" என்று நேரில் சொல்லலாம். பாதிக்கு மேல் விடுதி மாணவர்கள் உள்ள கல்லூரி என்றால் இந்த வரியே தவறான தேர்வு. வாக்காளர் பட்டியல் கைக்கு வந்ததும் துறைவாரியாக ஒருமுறை இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சார்ட்டில் ஏற்றுவது

கடையில் கிடைக்கும் முழுச் சார்ட் ஏறக்குறைய 28 அங்குலம் நீளம், 22 அங்குலம் அகலம். படுக்கைவாட்டில் வைத்து எழுதுங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் எழுத்து என்பது பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தாழ்வாரத்தில் இருபத்தைந்து அடிவரை தெரிய வேண்டும் என்றால் இரண்டரை அங்குல எழுத்து வேண்டும். தமிழில் எழுத்துகளை எண்ணும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "ரை", "பே", "ரா" போன்றவை எண்ணிக்கையில் ஓரெழுத்துதான், சார்ட்டில் இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். "பஸ் வரும்வரை" என்பதை ஒரே வரியில் எழுதினால் இடைவெளியையும் சேர்த்து ஒன்பது எழுத்தின் இடம் தேவை. ஓரங்களில் ஒன்றரை அங்குலம் விட்டால் மீதம் 25 அங்குலம், ஓர் எழுத்துக்கு இரண்டே முக்கால் அங்குலம் கிடைக்கிறது. சரியாக அடங்கிவிடும். இரண்டாம் வரியில் "படிப்பகம்" மட்டும். இந்தக் கணக்கைப் போடாமல் எழுத ஆரம்பித்தால் கடைசி இரண்டு எழுத்தை ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டிவரும். முழக்கத்தின் முக்கியமான சொல்லே குறுகிப்போய்த் தெரியும்.

பென்சிலில் கோடு போட்டு, முழு வரியையும் மெல்லியதாக எழுதிப் பார்த்த பிறகே தூரிகையை எடுங்கள். மஞ்சள் சார்ட்டில் கறுப்பு அல்லது கருநீலம் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும். வெள்ளையில் மஞ்சளும் பச்சையில் சிவப்பும் கண்ணில் படாது. புள்ளிகளைக் கடைசியில் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். வண்ணம் தீட்டும் வேகத்தில் "ப்", "ம்" ஆகியவற்றின் புள்ளி விட்டுப்போவதுதான் மிகுதியாக நடக்கும் தவறு. ஒற்றெழுத்தும் அப்படித்தான். "பேரவைக்கு பவித்ரா" என்று எழுதிவிட்டால் தமிழ்த் துறையில் ஒரு வாரம் அதைத்தான் பேசுவார்கள். நான்காம் வேற்றுமை "கு"வுக்குப் பின் வல்லினம் மிகும், "பேரவைக்குப் பவித்ரா" என்பதே சரி.

சார்ட்டில் மேலே இரண்டு வரிகள் பெரிதாக முழக்கம், அதன் கீழே நேர விளக்கம், அடியில் "பேரவைக்குப் பவித்ரா", பக்கத்தில் சிறியதாக "செயலாளர் பதவிக்கு". வேறு எதுவும் வேண்டாம். நண்பர்கள் ஐந்து வாக்குறுதிகளைச் சேர்க்கச் சொல்வார்கள். ஐந்து இருந்தால் கடந்துபோகிறவர் ஒன்றைக்கூடப் படிக்கமாட்டார். சார்ட், வண்ணம், தூரிகை எல்லாவற்றுக்கும் கடை ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் லிங்டோ விதிகளில் உண்டு.

சொல்லும் முறை

அனுமதித்த நேரத்தில் கூட்டமாகப் போகும்போது ஒரே குரலில் முழு வரியையும் எல்லோரும் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஓசை கலைந்துவிடும். அழைப்பும் பதிலுமாகப் பிரியுங்கள். ஒருவர் "பஸ் வரும்வரை" என்பார், மற்றவர்கள் "படிப்பகம்!" என்பார்கள். "பேரவைக்கு" என்றால் "பவித்ரா!" என்று பதில் வரும். கூட்டம் கத்துவது இரண்டே சொல், இரண்டும் நீங்கள் மனதில் நிற்க வேண்டும் என்று விரும்பும் சொல். வகுப்பு நடக்கும்போது பக்கத்தில் போய்ச் சொல்லாதீர்கள். ஒரு பேராசிரியரின் கோபம் அந்த வகுப்பின் அறுபது வாக்குகளையும் பாதிக்கும்.

பிரசாரம் தொடங்கிய பிறகு முழக்கத்தை மாற்றவே கூடாது. மூன்றாம் நாள் உங்களுக்கும் நண்பர்களுக்கும் அது சலித்துவிடும், "புதுசா ஒண்ணு போடலாமே" என்று யாராவது தொடங்குவார்கள். நீங்கள் அதை நூறுமுறை சொல்லியிருப்பீர்கள். மூன்றாமாண்டு வணிகவியல் மாணவர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டிருப்பார்.

கடைசியாக ஒரு விஷயத்தைச் சார்ட் எழுதும்போதே திட்டமிட வேண்டும். வாக்குச்சீட்டில் முழக்கம் இருக்காது. பெயரும் வரிசை எண்ணும் மட்டுமே இருக்கும். வரிசை எண் இறுதிப் பட்டியல் வந்த பிறகுதான் தெரியும். அதனால் எல்லாச் சார்ட்டிலும் பெயருக்குப் பக்கத்தில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்றை வெறுமையாக விட்டுவையுங்கள். பட்டியல் ஒட்டிய அன்று மாலையே ஒருவர் தூரிகையோடு சுற்றிவந்து எல்லாவற்றிலும் எண்ணை எழுதிவிடலாம். அன்றிலிருந்து அழைப்பு-பதிலில் மூன்றாவது ஜோடி சேரும்: "வரிசையில்" என்றால் "மூன்று!". வாக்குப்பதிவு நாளன்று சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் வாக்குக் கேட்கத் தடை உண்டு. முதல்நாள் மாலையே அந்த எல்லைக்குள் இருக்கும் சார்ட்டுகளைக் கழற்றிவிட்டு, சட்டையில் குத்திய பேட்ஜுகளையும் நண்பர்களிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள்.